விடியும்வரை தாங்கினால் போதும்

*கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சப்போர்ட் லீடாக இருக்கிறேன். எங்கள் வாடிக்கையாளர்கள் அமெரிக்காவில் கிளினிக் நடத்துபவர்கள், பெரும்பாலும் கிழக்குக் கரையில். எங்கள் பில்லிங் மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். குழுவில் ஆறு பேர். ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் ஒரு வாரம் முழுக்க, மாலை 7:30 முதல் காலை 6:30 வரை, தனியாக இரவு பார்க்கிறார்கள். இரண்டு பேர் வேறு வேலை தேடுவதாகக் கேள்வி. பழுது வந்தால் என்ன செய்வது என்று சொல்லும் நாற்பது பக்க ரன்புக் ஒன்று இருக்கிறது, யாரும் திறப்பதில்லை. போன மாதம் ஓர் இரவு டேட்டாபேஸ் வட்டு நிரம்பத் தொடங்கியபோது, புதிதாகச் சேர்ந்த தம்பி என்னை எழுப்பத் தயங்கி மூன்று மணி நேரம் தனியாகப் போராடியிருக்கிறார். எங்கிருந்து சரி செய்யத் தொடங்குவது?*

ஓர் இரவுக்கு 11 மணி நேரம், ஏழு இரவு என்றால் 77 மணி நேரம். அந்த இரண்டு பேர் ஏன் வேலை தேடுகிறார்கள் என்பதற்கு இதைத் தாண்டிக் காரணம் தேட வேண்டாம். சுழற்சி முறை நியாயமாகத்தான் இருக்கிறது, ஆறு பேருக்கும் சமமான பங்கு. ஆனால் அந்தப் பங்கு ஒரு மனிதர் சுமக்கக்கூடிய அளவில் இல்லை.

உங்கள் அட்டவணையில் இரண்டு வேறு வேலைகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ஒன்று இரவு ஷிப்ட்: விழித்திருந்து, வரும் டிக்கெட்டுகளுக்குப் பதில் சொல்வது. மற்றொன்று ஆன்-கால்: தூங்கலாம், ஆனால் போன் அடித்தால் எழுந்து பார்க்க வேண்டும். முதலாவதற்கு வேலை வந்துகொண்டே இருக்க வேண்டும். இரண்டாவதற்கு வேலை அபூர்வமாகத்தான் வர வேண்டும். உங்கள் ஆள் முன்னிரவில் ஷிப்ட் வேலையும் பின்னிரவில் ஆன்-கால் வேலையும் பார்க்கிறார், இரண்டையும் விழித்தபடி.

அதனால் முதலில் ஒரு கணக்கு எடுங்கள். கடந்த இரண்டு மாத டிக்கெட்டுகளைப் பதிவிறக்கம் செய்து, அவை வந்த நேரத்தை நம் நேரத்துக்கு மாற்றி, மணிவாரியாக எண்ணுங்கள். கோடையில் நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்கு மாலை 6:30. அங்கே மாலை 5 மணி நமக்கு அதிகாலை 2:30. கிழக்குக் கரை கிளினிக்குகள்தான் அதிகம் என்றால், உங்கள் டிக்கெட்டுகளில் பெரும்பகுதி இந்த இடைவெளிக்குள் விழும், அதிலும் முதல் நான்கு மணி நேரத்தில் குவியும் என்று எதிர்பார்க்கிறேன். எண்ணிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கலிஃபோர்னியா வாடிக்கையாளர்கள் கணிசமாக இருந்தால் எல்லாம் மூன்று மணி நேரம் தள்ளிப் போகும், அப்போது நான் கீழே சொல்லும் ஏற்பாடு பொருந்தாது. விடியற்காலைக்கும் விழித்திருக்கும் ஆள் தேவைப்படும்.

எண்ணிக்கை நான் நினைத்தபடி வந்தால், இரவை அதிகாலை 2 மணியில் வெட்டுங்கள். மாலை 6 முதல் 2 வரை இரண்டு பேர் சேர்ந்து ஷிப்ட், வாரத்துக்கு ஐந்து நாள். 2 மணிக்குப் பிறகு பகல் குழு வரும் 9 மணி வரை ஒருவர் வீட்டிலிருந்து ஆன்-கால். அவர் வழக்கம்போல 10 மணிக்குப் படுத்துத் தூங்கலாம். அழைப்பு வராத நாளில் மதியம் வந்து ஐந்து மணி நேரம் அமைதியான வேலை பார்த்தால் போதும். மீதி மூவர் பகலில் இருப்பார்கள், அவர்களில் ஒருவர் இரண்டாம் ஆள், அதாவது ஆன்-கால் ஆள் எடுக்காவிட்டால் போன் போகும் ஆள். சனிக்கிழமை அழைப்புகளை முதல் ஆளான ஆன்-கால் ஆளும் ஞாயிற்றுக்கிழமையை இரண்டாம் ஆளும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒருவருடைய ஆறு வாரம் இப்படிப் போகும்: பகல், பகல், பகலோடு இரண்டாம் ஆள், மாலை, மாலை, ஆன்-கால். அப்புறம் மறுபடி பகல். இந்த வரிசையை மாற்றாதீர்கள். நேரம் முன்னோக்கி நகர்வதை, அதாவது இன்னும் கொஞ்சம் தாமதமாகத் தூங்கப் போவதை, உடம்பு ஏற்றுக்கொள்ளும். பின்னோக்கி இழுப்பது கடினம். ஆன்-கால் வாரம் முடிந்தவருக்கு உடனே மாலை ஷிப்ட் போட்டால் காகிதத்தில் எல்லாம் சரியாகத் தெரியும், ஆள்தான் தாங்கமாட்டார்.

ஆள் மாற்றத்தைத் திங்கள்கிழமை வைக்காதே என்று பல இடங்களில் சொல்வார்கள், வாரத் தொடக்கம் பரபரப்பாக இருக்கும் என்பதால். நமக்கு அது பொருந்தாது. நம் திங்கள் மாலை 4 மணிக்கு நியூயார்க்கில் இன்னும் பொழுது புலர்ந்துகொண்டிருக்கும். நிதானமாக உட்கார்ந்து பேசி ஒப்படைக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, ஒப்பந்தத்தைப் படியுங்கள். எந்தச் சின்ன டிக்கெட்டுக்கும் 24 மணி நேரமும் அரை மணிக்குள் பதில் என்று விற்பனைக் குழு எழுதிக் கொடுத்திருந்தால், 2 மணிக்குப் பிறகு தூங்கும் ஆளை வைத்து அதை நிறைவேற்ற முடியாது. ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டும் அல்லது ஆள் எடுக்க வேண்டும். இரண்டையும் செய்யாமல் ரன்புக்கை மட்டும் அழகாக்கிப் பயனில்லை. ஆன்-கால் ஆளை எழுப்பத் தகுதியான விஷயங்களை வாடிக்கையாளரோடு பேசி எழுதிக்கொள்ளுங்கள்: பில் போடவே முடியவில்லை, ஒரு நோயாளியின் விவரம் இன்னொருவருக்குத் தெரிகிறது, தரவு காணாமல் போகிறது. அறிக்கையில் தேதி தப்பாக வருகிறது என்பது மாலை ஷிப்ட் வரை காத்திருக்கும்.

இரண்டாவது, கடிகாரம். அமெரிக்காவில் மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னால் கொண்டுவருவார்கள். நாம் தள்ளுவதில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை கிழக்குக் கரையின் 9 மணி நமக்கு 7:30. உங்கள் தற்போதைய 7:30 ஷிப்ட் ஏதோ ஒரு குளிர்காலத்தில் போடப்பட்டது என்று ஊகிக்கிறேன். அப்படியானால் ஒவ்வொரு ஆண்டும் மார்ச் முதல் நவம்பர் வரை தினமும் முதல் ஒரு மணி நேரம் கிளினிக் திறந்திருக்கும், ஷிப்ட்டில் ஆள் இருக்கமாட்டார். ஆன்-கால் ஆளுக்கு அலாரம் அனுப்பும் பேஜர்டியூட்டி போன்ற கருவியில் அட்டவணை போடும்போது நேர மண்டலம் கேட்கும். மாலை ஷிப்ட்டை `America/New_York` என்று போடுங்கள், `Asia/Kolkata` என்று அல்ல. வாடிக்கையாளர் நகரும்போது ஷிப்ட்டும் தானாக நகரும். குழுவினருக்கு அந்த இரண்டு தேதிகளையும் ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள், அலுவலக வண்டி ஏற்பாட்டையும் மாற்ற வேண்டியிருக்கும்.

சரி, ரன்புக்குக்கு வருவோம்.

நம் பகல் என்பது வாடிக்கையாளரின் இரவு. நம் காலை 11 மணிக்கு நியூயார்க்கில் நள்ளிரவு தாண்டியிருக்கும், கிளினிக் எதுவும் திறந்திருக்காது. ஆபத்தான எந்தப் பழுது வேலையையும் செய்ய அதுதான் சரியான நேரம், அந்த நேரத்தில் உங்கள் குழுவில் மூன்று பேர் தூங்கி எழுந்து தெளிவாக உட்கார்ந்திருப்பார்கள். வாடிக்கையாளரும் தாங்களும் ஒரே நேரத்தில் தூங்கும் குழுக்களுக்கு இந்த வசதி கிடையாது. ஆகவே அதிகாலை 3 மணிக்கு எழுந்தவர் பழுதை நீக்கத் தேவையில்லை. காலை வரை நேரம் வாங்கிக் கொடுத்தால் போதும். ரன்புக்கின் ஒவ்வொரு பக்கமும் இந்தக் கேள்விக்கு மட்டும் விடை சொல்ல வேண்டும்: தரவுக்குச் சேதமில்லாமல் விடியும்வரை எப்படித் தாங்குவது?

உங்கள் நாற்பது பக்கத்தில் பெரும்பகுதி மென்பொருள் எப்படி இயங்குகிறது என்ற விளக்கமாகத்தான் இருக்கும். அது பயிற்சிக்கு நல்லது. தூக்கத்திலிருந்து எழுந்தவருக்கு மூளை முழுதாகத் தெளியக் கால் மணி முதல் அரை மணி வரை ஆகும், அதிலும் 3 முதல் 5 மணி வரை உடம்பே சோர்ந்து கிடக்கும் நேரம். அந்த நிலையில் யாரும் விளக்கம் படிக்கமாட்டார்கள். அதனால்தான் பக்கத்தின் முதல் படிகள் எல்லாம் பார்ப்பது மட்டுமாக இருக்க வேண்டும், எதையும் மாற்றும் கட்டளை அங்கே வரக்கூடாது. பார்த்து, எழுதி வைத்து முடிப்பதற்குள் தூக்கம் கலைந்துவிடும்.

நீங்கள் சொன்ன வட்டு நிரம்பும் சம்பவத்தையே எடுத்துக்கொள்வோம். உங்கள் டேட்டாபேஸ் எது என்று சொல்லவில்லை. போஸ்ட்கிரெஸ் என்று வைத்துக்கொள்கிறேன். அதில் இரவில் வட்டு திடீரென்று நிரம்பினால் நான் முதலில் சந்தேகிப்பது நின்றுபோன ரெப்ளிகேஷன் ஸ்லாட்டை. பிரதி சர்வர் இன்னும் படிக்காத மாற்றப் பதிவுகளை முதன்மை சர்வர் அழிக்காமல் சேர்த்து வைத்திருக்கும். பிரதி நின்றுபோனால் அந்தக் குவியல் வளர்ந்துகொண்டே போகும். வட்டு முழுதாக நிரம்பினால் டேட்டாபேஸ் நின்றுவிடும், கிளினிக்குகளுக்கு எல்லாமே நின்றுவிடும்.

அலாரம் அடித்தது 3:10-க்கு என்று கொள்வோம். பக்கத்தின் தலைப்பு, போன் திரையில் தெரியும் அலாரத்தின் பெயரேதான், எழுத்து மாறாமல். அலாரத்திலேயே பக்கத்தின் இணைப்பும் இருக்க வேண்டும். சர்வர்களைக் கண்காணிக்க ப்ரோமித்தியஸ் பயன்படுத்தினால் இதற்கென்றே `runbook_url` என்று ஒரு குறிப்பை அலாரத்தில் சேர்ப்பது வழக்கம். 3 மணிக்குத் தேடல் பெட்டியில் என்ன தட்டுவது என்று யோசிக்க வைக்கக் கூடாது. முதல் படி:

```
hostname
df -h /var/lib/postgresql
```

சர்வர் பெயரையும் மீதி இடத்தையும் ஸ்லாக்கில் அந்தச் சம்பவத்தின் இழையில் ஒட்டச் சொல்லுங்கள். பத்து நிமிடம் கழித்து `df`-ஐ மறுபடி ஓட்ட வேண்டும். 500 ஜிபி வட்டில் முதலில் 60 ஜிபி மீதம், பத்து நிமிடத்தில் 58 என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 12 ஜிபி போகிறது, ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் நிரம்பும், அதாவது காலை 8 மணி வாக்கில். பகல் குழு வருவது 9-க்கு. இவ்வளவுதான் முடிவெடுக்கத் தேவையான கணக்கு. 11 மணிக்கு மேல்தான் நிரம்பும் என்று வந்திருந்தால், குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் படுக்கப் போகலாம். 88 சதவீதம் என்ற எண் இதில் எதையும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். 88-இலேயே ஒரு மாதமாக நிற்கும் வட்டுக்கு யாரையும் எழுப்பத் தேவையில்லை. இரவு அலாரத்தைச் சதவீதத்தில் வைக்காமல், இன்னும் எத்தனை மணி நேரத்தில் நிரம்பும் என்ற கணிப்பில் வையுங்கள். ப்ரோமித்தியஸில் `predict_linear` அதற்குத்தான் இருக்கிறது.

பத்து நிமிடம் காத்திருக்கும்போது இரண்டாம் படி, இதுவும் பார்ப்பது மட்டும்:

```sql
SELECT slot_name, active,
  pg_size_pretty(pg_wal_lsn_diff(
    pg_current_wal_lsn(), restart_lsn)) AS held
FROM pg_replication_slots;
```

`active` என்ற இடத்தில் `f` என்றும், `held` என்ற இடத்தில் பத்துக்கணக்கான ஜிபி என்றும் வந்தால் காரணம் தெரிந்துவிட்டது. எல்லா ஸ்லாட்டும் `t`, சேர்த்து வைத்திருப்பதும் சிறிதளவே என்றால் இது வேறு சிக்கல். பக்கம் அந்த இடத்தில் "இது அந்தப் பிரச்சினை அல்ல, இரண்டாம் ஆளை எழுப்பு" என்று சொல்லி நிறுத்திவிட வேண்டும். எல்லாச் சாத்தியங்களுக்கும் கிளை பிரித்து எழுதப் போனால் மறுபடி நாற்பது பக்கம் வந்துவிடும்.

இப்போது முக்கியமான பகுதி. பக்கத்தில் மூன்று தலைப்பு வேண்டும்: கேட்காமல் செய்யலாம், கேட்டுச் செய், செய்யவே செய்யாதே. கிளவுடில் வட்டைப் பெரிதாக்குவது முதல் தலைப்பில் வரட்டும். 100 ஜிபி கூட்டினால் மாதத்துக்குக் கொஞ்சம் செலவு கூடும், வட்டைத் திரும்பச் சுருக்குவது எளிதல்ல, ஆனால் தரவுக்கு எதுவும் ஆகாது. வட்டைப் பெரிதாக்கினால் மட்டும் போதாது, அதன்மேல் உள்ள கோப்பு முறைமையையும் விரிக்க வேண்டும். இதைப் பாதியில் விட்டுவிட்டுத் தூங்கப் போனவர்கள் உண்டு. "`df -h`-இல் ஏறத்தாழ 600 தெரியும்வரை வேலை முடியவில்லை" என்று பக்கத்தில் எழுதுங்கள்.

நின்றுபோன ஸ்லாட்டை நீக்குவது இரண்டாம் தலைப்பு. `pg_drop_replication_slot` ஓட்டினால் இடம் சீக்கிரம் விடுபடும், ஆனால் தேவையான பதிவுகள் போய்விடுவதால் அந்தப் பிரதியைப் பெரும்பாலும் முதலிலிருந்து மறுபடி கட்ட வேண்டியிருக்கும், அதுவரை உங்களுக்கு மாற்று சர்வர் இல்லை. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆனவர் தலையில் இந்த முடிவை வைக்கக்கூடாது. அந்த மாற்றப் பதிவுகள் இருக்கும் `pg_wal` அடைவுக்குள் போய் கோப்புகளைக் கையால் அழிப்பது மூன்றாம் தலைப்பு. பெயரைப் பார்த்தால் பழைய லாக் மாதிரி தெரியும், இடமும் நிறைய எடுத்திருக்கும், கை பரபரக்கும். அவற்றை அழித்தால் டேட்டாபேஸ் மறுபடி எழுந்திருக்காமலே போகலாம்.

100 ஜிபி கூட்டியதும் கணக்கு மாறிவிடுகிறது. 160 ஜிபி, மணிக்கு 12 வீதம் 13 மணி நேரத்துக்கு மேல், மாலை 4 மணி வரை தாங்கும். தம்பி வாடிக்கையாளருக்கு மூன்று வரி எழுதுகிறார்: சேவை இயங்குகிறது, ஒரு சர்வரில் இடப் பற்றாக்குறை கண்டு தற்காலிகமாகச் சரி செய்திருக்கிறோம், அடுத்த தகவல் உங்கள் நேரம் காலை 8 மணிக்கு. பிறகு தூங்கப் போகிறார். காலை 11 மணிக்குப் பகல் குழு, கிளினிக்குகள் தூங்கும்போது, பிரதியை மறுபடி இணைக்கிறதா ஸ்லாட்டை நீக்குகிறதா என்று முடிவு செய்கிறது. போஸ்ட்கிரெஸ் 13-இலிருந்து `max_slot_wal_keep_size` என்று ஓர் அமைப்பு உண்டு, ஒரு ஸ்லாட் எவ்வளவு சேர்த்து வைக்கலாம் என்று வரம்பு போடலாம். அதைப் போட்டுவிட்டால் வட்டு பிழைக்கும். வரம்பைத் தாண்டினால் பிரதி பின்தங்கி அறுந்துபோகும். எது பரவாயில்லை என்பதையும் பகலில்தான் பேச வேண்டும்.

முதல் படியில் `hostname` எதற்கு என்று உங்கள் குழுவில் யாராவது கேட்பார்கள். கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 இரவு நடந்ததைச் சொல்லுங்கள், அவர்களே எல்லாவற்றையும் வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். நேரமாகிவிட்டது, கிளம்புகிறேன் என்று சொல்லியிருந்த ஒரு பொறியாளர், ரெப்ளிகேஷன் சிக்கல் வந்ததால் தொடர்ந்து உட்கார்ந்தார். பிரதி சர்வரில் காலி அடைவு என்று நினைத்து அவர் அழித்தது முதன்மை சர்வரின் தரவு அடைவை. ஓரிரு வினாடியில் உணர்ந்து நிறுத்தியும், ஏறத்தாழ 300 ஜிபியில் 4.5 ஜிபி மட்டுமே மிஞ்சியது. தினசரி பேக்கப்பைத் தேடினால் அது எடுக்கப்படவே இல்லை, கருவியின் பதிப்பு டேட்டாபேஸ் பதிப்போடு பொருந்தாததால் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களை அஞ்சல் சர்வர் ஏற்காமல் தள்ளிவிட்டதால் யாருக்கும் தெரியவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்து வைத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. இதில் திறமைக் குறைவு எதுவும் இல்லை. பின்னிரவு, பழுதை அப்போதே நீக்கியாக வேண்டும் என்ற எண்ணம், அவ்வளவுதான்.

அடுத்து, எழுப்பத் தயங்கும் விஷயம். "தேவைப்பட்டால் எழுப்பலாம்" என்று எழுதினால் யாரும் எழுப்பமாட்டார்கள். தேவையா இல்லையா என்பதை அவர்தானே முடிவு செய்ய வேண்டும்? அதுவும் சீனியர் வீட்டில் குழந்தை தூங்குமே, நாளைக்கு என்ன நினைப்பாரோ என்று யோசித்தபடி. அனுமதியாக இல்லாமல் கட்டளையாக எழுதுங்கள். அலாரம் அடித்து 20 நிமிடத்தில் காரணம் தெரியவில்லையா, எழுப்பு. அடுத்து செய்ய வேண்டியது முதல் தலைப்பில் இல்லையா, எழுப்பு. நோயாளி தரவு சம்பந்தப்பட்டதா, நேரம் பார்க்காமல் எழுப்பு. எழுப்பாவிட்டால்தான் மறுநாள் கேள்வி வரும் என்று இருக்கட்டும். என்ன பேசுவது என்றுகூட ஒரு மாதிரி கொடுத்துவிடுங்கள்: "அண்ணா, ப்ரைமரி டேட்டாபேஸ்ல வட்டு 8 மணிக்கு நிரம்பிடும். ஸ்லாட் ஒண்ணு நின்னு போயிருக்கு. வட்டைப் பெருசாக்கப் பார்த்தேன், அனுமதி இல்லைன்னு வருது. நீங்க வரணும்." மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஐந்து நிமிடம் சுற்றி வளைக்க வேண்டியதில்லை.

மனிதர் தயங்கினாலும் கருவி தயங்காதபடி வைப்பது இன்னும் நல்லது. முதல் ஆள் 5 நிமிடத்தில் அலாரத்தை ஏற்றுக்கொள்ளாவிட்டால் மறுபடி அடிக்கட்டும், 10 நிமிடத்தில் இரண்டாம் ஆளுக்கு, 20 நிமிடத்தில் உங்களுக்கு. ஒவ்வொருவர் போனிலும் 'தொந்தரவு செய்யாதே' முறையை மீறி அந்த அழைப்பு ஒலிக்கிறதா என்று ஆன்-கால் வாரம் தொடங்கும் நாளில் ஒரு சோதனை அழைப்பு அனுப்பிப் பாருங்கள். வீட்டு ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ்ஸையும் அலுவலகச் செலவில் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். மின்வெட்டில் லேப்டாப் ஓடும், வைஃபை ஓடாது.

இதையெல்லாம் ஒரே வாக்கியத்தில் கெடுத்துவிட முடியும்: "இதுக்கா எழுப்பினே?" அதை ஒருமுறை ஒருவர் சொன்னால் போதும், ரன்புக்கில் என்ன எழுதியிருந்தாலும் அடுத்த இரவு யாரும் போனைத் தொடமாட்டார்கள். தேவையில்லாமல் எழுப்பியிருந்தால் அது பக்கத்தின் குறை, அலாரத்தின் குறை. திங்கள் மாலை ஒப்படைக்கும்போது அந்த வார அழைப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, நேரத்தையும் காரணத்தையும் பார்த்து, இது காலை வரை காத்திருந்திருக்குமா என்று மட்டும் கேளுங்கள். காத்திருக்கும் என்றால் அந்த அலாரத்தை இரவு ஒலியிலிருந்து எடுத்துவிடுங்கள். "சிறிது நேரம் பொறு, தானே சரியாகும்" என்று ஒரு பக்கம் சொன்னால், அந்தப் பக்கத்தையும் அலாரத்தையும் சேர்த்தே தூக்கலாம்.

எவ்வளவு அழைப்பு வரை தாங்கும் என்று கேட்டால், கூகுளில் சேவைகள் நிற்காமல் பார்த்துக்கொள்ளும் எஸ்.ஆர்.இ குழுக்கள் 12 மணி நேர ஷிப்ட்டுக்கு அதிகபட்சம் இரண்டு சம்பவம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அது ஒரு சம்பவத்தை விசாரித்து, சரி செய்து, எழுதி முடிக்க ஏறக்குறைய ஆறு மணி நேரம் போகும் என்ற கணக்கில் வந்தது. ஒரே ஊரில் இருந்து 24 மணி நேரமும் பார்க்கக் குறைந்தது எட்டுப் பேர் வேண்டும் என்பதும் அவர்கள் கணக்கு. உங்களிடம் ஆறு பேர்தான். ஆகவே நீங்கள் இன்னும் கடுமையாக இருக்க வேண்டும்: ஆன்-கால் ஆளைத் தூக்கத்திலிருந்து எழுப்புவது வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் போனால், அடுத்த வாரம் பகல் குழு புதிய வேலை எதையும் தொடாமல் அந்தக் காரணங்களைச் சரி செய்யட்டும். இரண்டு மாதம் அப்படிச் செய்தும் குறையவில்லை என்றால், எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போய் இரண்டு ஆள் கேளுங்கள். "குழு சோர்ந்திருக்கிறது" என்று சொல்வதைவிட அந்தத் தாள் வேலை செய்யும்.

பணத்தைப் பற்றியும் பேசிவிடுங்கள். ஆன்-கால் வாரத்துக்கு ஒரு நிலையான தொகை, எழுந்து வேலை பார்த்த ஒவ்வொரு மணிக்கும் தனியாக ஒரு தொகை. அழைப்பே வராவிட்டாலும் அவர் அந்த வாரம் ஊருக்குப் போக முடியாது, இரண்டாம் ஆட்டம் சினிமாவுக்குப் போக முடியாது. அதற்குத்தான் முதல் தொகை. நள்ளிரவுக்குப் பிறகு எழுப்பப்பட்டவர் மறுநாள் மதிய வேலைக்கு வரவேண்டியதில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அவராகக் கேட்கும்படி வைக்காதீர்கள்.

பழைய நாற்பது பக்கத்தை அழிக்க வேண்டாம், பயிற்சிக் கோப்புறைக்கு மாற்றிவிடுங்கள். கடந்த ஆறு மாதத்தில் அதிகம் அடித்த ஐந்து அலாரங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள்; அதற்கு மேல் இப்போது வேண்டாம். எழுத வேண்டியவர் அந்த வார ஆன்-கால் ஆள், மதியம் அவருக்கு நேரம் இருக்கும். ஸ்கிரீன்ஷாட் ஒட்டினால் அதில் நோயாளி பெயரோ பில் விவரமோ இல்லை என்று பாருங்கள்; அமெரிக்க மருத்துவத் தரவு என்பதால் அது ஹிப்பா சட்டத்தின் கீழ் வரும், ரன்புக்கிலும் ஸ்லாக்கிலும் அதற்கு இடமில்லை.

எழுதி முடித்ததும் ஒரு பகல் வேளையில் சோதனைச் சர்வரில் வட்டை வேண்டுமென்றே நிரப்பிவிட்டு, அந்தப் புதுத் தம்பியை உட்கார வைத்துப் பக்கத்தைப் பார்த்து ஓட்டச் சொல்லுங்கள். எழுதியவர் பக்கத்திலேயே இருக்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. தம்பி எந்த இடத்தில் நிமிர்ந்து பார்க்கிறாரோ அந்த இடத்தில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. அனுமதி இல்லை என்று சர்வர் சொல்கிறதா, இரவு ஆளுக்குத் தேவையான உரிமை தரப்படவில்லை என்று அர்த்தம், அதையும் அன்றே வாங்கிக் கொடுங்கள். திருத்தியதும் பக்கத்தின் அடியில் யார், எந்தத் தேதியில் ஓட்டிப் பார்த்தார் என்று எழுதுங்கள். ஆறு மாதமாகத் தேதி மாறாத பக்கம் கண்ணில் பட்டால், அதை அந்த வாரமே வேறொருவரிடம் கொடுத்து மறுபடி ஓட்டச் சொல்லுங்கள்.